ஓய்வு பெறும்போது வரும் கிராஜுவிட்டிக்கும் லீவ் பணத்துக்கும் எவ்வளவு வரி? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

"கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரை வரி கிடையாது, லீவ் பணத்துக்கு 25 லட்சம் வரை கிடையாது." ஓய்வு பெறப் போகிறவரிடம் அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது இதுதான். அந்த எண்கள் இரண்டும் சரி. ஆனால் அவை உச்சவரம்புகள் மட்டுமே. அரசு ஊழியர் அல்லாதவருக்குச் சட்டம் சில தொகைகளை வரிசையாக வைத்து, அவற்றில் எது குறைவோ அதற்கு மட்டும்தான் விலக்கு தருகிறது. 20 லட்சமும் 25 லட்சமும் அந்த வரிசையில் கடைசியாக நிற்பவை. பெரும்பாலான தனியார் ஊழியர்களுக்கு அந்த உச்சவரம்பைத் தொடுவதற்கு முன்பே வேறொரு தொகை விலக்கை வெட்டிவிடும். எந்தத் தொகை, எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதை ஒரு முழுக் கணக்கோடு பார்ப்போம்.

முதலில்: நீங்கள் எந்த வகை ஊழியர்?

மத்திய அரசு, மாநில அரசு ஊழியர்களுக்கு இது எளிது. ஓய்வின்போது வரும் பணிக்கொடைக்கும், அதாவது கிராஜுவிட்டிக்கும், ஓய்வின்போது கணக்கில் மீதமிருக்கும் ஈட்டிய விடுப்புக்கான பணத்துக்கும் முழு விலக்கு உண்டு. மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளின் ஊழியர்களுக்குப் பணிக்கொடை முழுவதும் விலக்கு. ஆனால் விடுப்புப் பணத்தில் அவர்கள் தனியார் ஊழியரைப் போலவே கணக்கிடப்படுகிறார்கள்.

அதிகம் தடுமாறுவது வங்கி ஊழியர்களும் பொதுத்துறை நிறுவன ஊழியர்களும்தான். நிறுவனம் அரசுக்குச் சொந்தமானதாக இருந்தாலும், வரிச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. இரண்டு தொகைகளுக்கும் அவர்களுக்கு உச்சவரம்பு உண்டு. 2024 ஜனவரி 1 முதல் மத்திய அரசு ஊழியரின் பணிக்கொடை உச்சவரம்பு 25 லட்சமாக உயர்ந்ததைப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் வரிவிலக்கு 25 லட்சம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது அரசு கொடுக்கும் தொகைக்கான வரம்பு. மற்றவர்களுக்கு கிராஜுவிட்டியில் வரிவிலக்கு வரம்பு 20 லட்சம்தான்.

தனியார் ஊழியர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: உங்கள் நிறுவனம் 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்துக்குள் வருகிறதா? தொழிற்சாலைகளும், பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகள், நிறுவனங்களும் பொதுவாக உள்ளே வரும். தனியார் பள்ளி ஆசிரியர்களும் 2009 திருத்தத்துக்குப் பிறகு இதற்குள் வந்துவிட்டார்கள். சந்தேகமிருந்தால் சம்பளப் பிரிவில் கேட்டுவிடுங்கள். இந்த ஒரு பதிலில் விலக்கு லட்சக்கணக்கில் மாறலாம், அதைக் கீழே பார்க்கலாம்.

அப்புறம்: நான்கு காகிதங்கள்

வேலையில் சேர்ந்த தேதி உள்ள நியமனக் கடிதம், கடைசி பத்து மாதச் சம்பளச் சீட்டுகள், விடுப்புப் பதிவேட்டின் நகல், இறுதிக் கணக்குத் தீர்வுத் தாள். இவற்றில் விடுப்புப் பதிவேட்டைத்தான் யாரும் கேட்டு வாங்குவதில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து எத்தனை நாள் ஈட்டிய விடுப்பு எடுத்தீர்கள், எத்தனை நாளைப் பணிக்காலத்திலேயே பணமாக்கிக்கொண்டீர்கள் என்ற இரண்டு எண்களும் அதிலிருந்துதான் கிடைக்கும். ஓய்வு பெற்று ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம். வேலையில் இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

கிராஜுவிட்டிக் கணக்கு

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தனியார் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் 2025 மே 31 அன்று ஓய்வு பெறுகிறார். மொத்தப் பணிக்காலம் 27 ஆண்டு 8 மாதம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 2025 மார்ச் வரை மாதம் 75,000 ரூபாய். ஏப்ரல் இன்க்ரிமென்டுக்குப் பிறகு 78,000. மற்ற படிகளையும் சேர்த்தால் மாதச் சம்பளம் 1,30,000. நிறுவனம் தன் சொந்த விதிப்படி கிராஜுவிட்டியாக 14,00,000 ரூபாய் கொடுக்கிறது.

பணிக்கொடைச் சட்டத்துக்குள் வரும் ஊழியருக்குச் சூத்திரம் இது:

```
கடைசி மாதச் சம்பளம் × 15 ÷ 26 × பணி ஆண்டுகள்
```

சம்பளம் என்றால் அடிப்படையும் அகவிலைப்படியும் மட்டும். வீட்டு வாடகைப்படி, போனஸ், ஓவர்டைம் எதுவும் சேராது. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்து அதில் 15 நாள் சம்பளத்தை ஓர் ஆண்டுக்குக் கணக்கிடுகிறார்கள். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சக் காலம் முழு ஆண்டாக ஏறும். அதனால் 27 ஆண்டு 8 மாதம் 28 ஆகிறது.

78,000 × 15 ÷ 26 = 45,000. அதை 28-ஆல் பெருக்கினால் 12,60,000.

இப்போது மூன்று தொகைகளை வரிசையாக வையுங்கள்: கையில் வந்தது 14,00,000, சூத்திரப்படி 12,60,000, உச்சவரம்பு 20,00,000. இவற்றில் குறைவானது 12,60,000. அதற்குத்தான் விலக்கு. மீதி 1,40,000 சம்பள வருமானத்தோடு சேரும். 20 லட்சத்துக்கு உள்ளே இருக்கிறதே என்று அந்த 1,40,000-ஐயும் விலக்கில் எழுதினால் கணக்கு தவறு.

இதே மேற்பார்வையாளரின் நிறுவனம் பணிக்கொடைச் சட்டத்துக்குள் வராவிட்டால் என்ன ஆகும்? கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதில், ஓய்வு பெறும் மாதத்துக்கு முந்தைய பத்து மாதச் சராசரியை எடுக்க வேண்டும். 15/26-க்குப் பதில் பாதி மாதம். மிச்ச மாதங்களுக்கு மதிப்பே இல்லை, நிறைவடைந்த ஆண்டுகள் மட்டும். ஒன்பது மாதம் 75,000, ஒரு மாதம் 78,000 என்றால் சராசரி 75,300. அதில் பாதி 37,650. 27 ஆண்டுக்கு 10,16,550. ஒரே ஆள், ஒரே சம்பளம், ஆனால் விலக்கு 2,43,450 ரூபாய் குறைகிறது. சம்பளப் பிரிவில் கேட்கச் சொன்ன அந்தக் கேள்வியின் விலை இதுதான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 20 லட்சம் என்பது வாழ்நாள் முழுவதற்குமான வரம்பு. முந்தைய நிறுவனத்தை விட்டு வந்தபோது 6 லட்சம் கிராஜுவிட்டிக்கு விலக்கு பெற்றிருந்தால், இப்போது மிஞ்சுவது 14 லட்சம். தற்போதைய நிறுவனத்துக்கு அந்தப் பழைய கணக்கு தெரிய வழியில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, 2025 நவம்பர் 21 முதல் பணிக்கொடைச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதில் சம்பளத்துக்கு வேறு வரையறை. விலக்கிவைக்கப்பட்ட படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளத்தோடு சேர்ந்துகொள்ளும். நம் உதாரணத்தில் 1,30,000-இல் 78,000 என்பது பாதிக்கு மேல் இருப்பதால் மாற்றமில்லை. அடிப்படையும் அகவிலைப்படியும் 50,000 மட்டும், மீதியெல்லாம் இந்த வகைப் படிகள் என்று இருந்திருந்தால், கணக்கு 65,000-இல் தொடங்கும். அந்தத் தேதிக்குப் பின் ஓய்வு பெறுகிறவர்கள் நிறுவனம் எந்தச் சம்பளத்தை எடுத்திருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

விடுப்புப் பணக் கணக்கு

தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். காரணம், நிறுவனத்தின் விடுப்பு விதி வேறு, வரிச் சட்டம் ஏற்கும் விடுப்பு வேறு. நிறுவனம் எத்தனை நாளுக்குப் பணம் கொடுக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது.

இங்கே நான்கு தொகைகளில் குறைவானதற்கு விலக்கு. ஒன்று, கையில் வந்த பணம். இரண்டு, கடைசி பத்து மாதச் சராசரிச் சம்பளத்தின் பத்து மடங்கு. மூன்று, வரிச் சட்டம் ஏற்கும் விடுப்பு மீதிக்கான பணம். நான்கு, 25 லட்சம். இந்த நான்காவது வரம்பு 2002-லிருந்து 3 லட்சத்திலேயே கிடந்தது. 2023 ஏப்ரல் 1 முதல்தான் 25 லட்சமானது. பழைய கட்டுரைகளில் 3 லட்சம் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

சராசரியை முதலில் எடுப்போம். இங்கே ஓய்வு நாளுக்கு முந்தைய பத்து மாதங்கள் என்பதால், மே 31 அன்று ஓய்வு பெறுகிறவருக்கு மே மாதமும் சேரும். 2024 ஆகஸ்ட் முதல் 2025 மார்ச் வரை எட்டு மாதம் 75,000, அதாவது 6,00,000. ஏப்ரலும் மேயும் 78,000 வீதம் 1,56,000. மொத்தம் 7,56,000, சராசரி 75,600. அகவிலைப்படி ஓய்வுக்காலப் பலன்களுக்குக் கணக்கில் எடுக்கப்படும் என்று வேலை நிபந்தனையில் இருந்தால் மட்டுமே இதில் சேரும். நம் உதாரணத்தில் அப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இனி விடுப்பு. இந்த நிறுவனம் ஆண்டுக்கு 36 நாள் ஈட்டிய விடுப்பு தருகிறது. 27 நிறைவான ஆண்டுக்கு 972 நாள். அவர் 540 நாள் விடுப்பு எடுத்திருக்கிறார், 60 நாளைப் பணிக்காலத்திலேயே பணமாக்கியிருக்கிறார். ஆகக் கழிய வேண்டியது 600. நிறுவனக் கணக்கில் மீதி 372 நாள். அதிகபட்சம் 300 நாளுக்குத்தான் பணம் என்பது நிறுவன விதி என்பதால், 300 நாளுக்கு, அதாவது பத்து மாதத்துக்கு, 78,000 வீதம் 7,80,000 ரூபாய் கொடுக்கிறார்கள்.

வரிச் சட்டம் ஓர் ஆண்டுப் பணிக்கு 30 நாளுக்கு மேல் ஏற்காது. 27 × 30 = 810. அதிலிருந்து அதே 600 நாளைக் கழித்தால் மிஞ்சுவது 210 நாள், அதாவது ஏழு மாதம். 75,600 × 7 = 5,29,200.

நான்கையும் வரிசையாக வைப்போம்: 7,80,000, 7,56,000, 5,29,200, 25,00,000. விலக்கு 5,29,200. மீதி 2,50,800 வரிக்கு உட்பட்டது.

ஆண்டுக்கு வெறும் 6 நாள்தான் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் எடுத்த விடுப்பெல்லாம் 30 நாள் கணக்கிலிருந்தே கழிக்கப்படுவதால், அந்தக் கூடுதல் நாட்கள் முழுவதும் மீதியிலேயே தங்கி, கடைசியில் வரிக்குள் விழுகின்றன. உங்கள் நிறுவனம் ஆண்டுக்கு 30 நாளுக்கு மேல் ஈட்டிய விடுப்பு தருகிறது என்றால், இந்த மூன்றாவது தொகையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 30 நாளோ அதற்குக் குறைவாகவோ தருகிற நிறுவனத்தில் உங்கள் உண்மையான மீதி எத்தனை நாளோ அதுவேதான் வரிக் கணக்கிலும் வரும், சிக்கல் குறைவு.

மருத்துவ விடுப்பைப் பணமாக்கிக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. விலக்கு ஈட்டிய விடுப்புக்கு மட்டும்தான் என்பதால் தீர்வுத் தாளில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். பணிக்காலத்திலேயே சரண்டர் செய்து வாங்கிய விடுப்புப் பணத்துக்கு விலக்கு இல்லை, அது அரசு ஊழியருக்கும் பொருந்தும்; வாங்கிய ஆண்டின் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். ஊழியர் பணியில் இறந்து, அவருடைய வாரிசுக்கு விடுப்புப் பணம் வந்தால் அதற்கு வரி கிடையாது.

இரண்டையும் சேர்த்தால் வரி எவ்வளவு?

நம் மேற்பார்வையாளருக்கு 2025–26 நிதியாண்டில் இரண்டு மாதச் சம்பளம் 2,60,000. கிராஜுவிட்டியில் வரிக்கு உட்பட்டது 1,40,000. விடுப்புப் பணத்தில் 2,50,800. மொத்தம் 6,50,800. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 5,75,800. அந்த ஆண்டுக்குப் புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடியால் வரி பூஜ்யம். கிடைத்த பணத்தை வங்கியில் போட்டு வட்டி வந்தாலும் அவருக்கு இடம் தாராளமாக இருக்கிறது.

புதிய முறைக்குப் போனால் இந்த விலக்குகள் போய்விடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. அப்படி இல்லை. ஓய்வின்போது வரும் கிராஜுவிட்டிக்கும் விடுப்புப் பணத்துக்கும் விலக்கு இரண்டு முறையிலும் உண்டு.

ஆனால் அவர் நிதியாண்டின் கடைசி நாளான மார்ச் 31 அன்று ஓய்வு பெற்று, இதே தொகைகள் வந்திருந்தால் கதை வேறு. பன்னிரண்டு மாதச் சம்பளம் 15,60,000-உடன் அந்த 3,90,800-உம் சேரும்போது, இந்தச் சேர்க்கைக்கு மட்டும் கூடுதல் வரி சுமார் 75,000 ரூபாய் வரும். பணத்தை அடுத்த ஆண்டு கொடுங்கள் என்று நிறுவனத்தைக் கேட்டும் தப்பிக்க முடியாது. பணம் எப்போது சேர வேண்டியதாகிறதோ, எப்போது கைக்கு வருகிறதோ, இரண்டில் முந்தியதில்தான் சம்பள வருமானத்துக்கு வரி.

அப்படி மாட்டிக்கொண்டவருக்கு ஒரு வழி உண்டு: பிரிவு 89 நிவாரணம். 15 ஆண்டு அல்லது அதற்கு மேல் பணியாற்றியவரின் கிராஜுவிட்டியில் வரிக்கு உட்பட்ட பகுதியை மூன்றாகப் பிரித்து, முந்தைய மூன்று ஆண்டுகளின் வருமானத்தோடு சேர்த்திருந்தால் என்ன வரி விகிதம் வந்திருக்கும் என்று பார்ப்பார்கள். இப்போதைய விகிதம் அதைவிட அதிகமாக இருந்தால் வித்தியாசம் கழியும். 5 முதல் 15 ஆண்டுக்குள் என்றால் இரண்டாகப் பிரித்து இரண்டு ஆண்டு. முந்தைய ஆண்டுகளிலும் அதே அளவு வருமானம் இருந்திருந்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் போட்டுப் பார்க்கலாம். இதற்கான `Form 10E`-ஐ வருமான வரி இணையதளத்தில் ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். அதைப் போடாமல் ரிட்டர்னில் மட்டும் நிவாரணத்தை எழுதினால் அந்தத் தொகையை மறுத்துவிட்டு வரி கேட்டு அறிவிப்பு வரும்.

ஃபாரம் 16-ஐ வாங்கியதும் பார்க்க வேண்டியது

பாகம் B-யில் மொத்தச் சம்பளத்துக்குக் கீழே, பிரிவு 10-இன்படி விலக்கு பெற்ற தொகைகள் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். `10(10)` என்ற கட்டம் கிராஜுவிட்டிக்கு, `10(10AA)` என்ற கட்டம் விடுப்புப் பணத்துக்கு. நம் உதாரணத்தில் அங்கே முறையே 12,60,000-உம் 5,29,200-உம் இருக்க வேண்டும்.

தவறு இரண்டு விதமாக வரும். ஒன்று, அந்தக் கட்டங்கள் காலியாக இருந்து, முழுத் தொகைக்கும் டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். சம்பளப் பிரிவில் சொல்லித் திருத்திய ஃபாரம் கேளுங்கள். அவர்கள் செய்யாவிட்டாலும் உரிய விலக்கை நீங்களே ரிட்டர்னில் எழுதி, பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம். அப்போது உங்கள் கணக்குத் தாளும் விடுப்புப் பதிவேடும் கையில் இருக்க வேண்டும், ஃபாரம் 16-க்கும் ரிட்டர்னுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்கப்படலாம். மற்றொன்று, 7,80,000 முழுவதையும் 25 லட்சத்துக்குள் இருக்கிறது என்று விலக்கில் போட்டிருப்பார்கள். இது பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ரிட்டர்னில் கையெழுத்துப் போடுவது நீங்கள். நிறுவனம் செய்த தவறு உங்களைக் காப்பாற்றாது, வட்டியோடு வரி உங்களிடம்தான் வரும். சரியான தொகையையே எழுதுங்கள்.

ரிட்டர்ன் படிவத்தில் வேலையின் தன்மை என்ன என்று ஒரு பட்டியல் வரும். தனியார் ஊழியர் `Others` என்றும், பொதுத்துறை ஊழியர் `Public Sector Undertaking` என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். மாநில அரசில் ஓய்வு பெற்றவர் கவனக்குறைவாக `Others` என்று விட்டுவிட்டால், முழு விலக்கு பெற வேண்டிய விடுப்புப் பணத்துக்கு உச்சவரம்பு பொருந்திவிடும். அப்படி நடந்து அறிவிப்பு வந்தால் பயப்பட வேண்டாம். காலக்கெடுவுக்குள் திருத்திய ரிட்டர்ன் போடலாம், அல்லது இணையதளத்திலேயே திருத்தக் கோரிக்கை வைக்கலாம்.

இங்கே சொன்ன பிரிவு எண்களெல்லாம் 1961-ஆம் ஆண்டு சட்டத்தினுடையவை. 2026 மார்ச் 31 வரை ஓய்வு பெற்றவர்களின் கணக்கு அதன்படிதான். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து எண்கள் மாறிவிட்டன. தொகைகளை வரிசையாக வைத்துக் குறைவானதை எடுக்கும் முறை அதிலும் தொடர்கிறது. ஏப்ரலுக்குப் பின் ஓய்வு பெறுகிறவர்கள் படிவத்தில் பழைய எண்களைத் தேடாமல், கிராஜுவிட்டி, விடுப்புப் பணம் என்ற பெயர்களை வைத்து உரிய கட்டத்தைக் கண்டுபிடியுங்கள்.